வினாவின் நிலையும் விடையின் மூலமும்: தமிழ்ப் பாட வினா வங்கியில் புளூமின் நிலைப்பகுப்பு

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்ப் பாடங்களுக்கு ஆசிரியர் தாமே இயற்றும் வினாக்கள் இன்று புளூமின் அறிதல் நிலைகளால் தரப்படுத்தப்படுகின்றன. நிலைக்குறி பெரும்பாலும் வினாவின் ஏவல் வினையைப் பார்த்தே இடப்படுகிறது. நிலை என்பது வினாச்சொல்லில் இல்லை, மாணவர் விடையை எங்கிருந்து பெறுகிறார் என்பதில் உள்ளது என்பதே இக்கட்டுரையின் கருத்து. திருக்குற்றாலக் குறவஞ்சியும், குற்றாலம், தென்காசிப் பகுதியின் இடப்பெயர்களைக் கொண்டு இயற்றக்கூடிய புணர்ச்சி வினாக்களும் இதற்குச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: வினா வங்கி, புளூமின் நிலைகள், நினைவுகூர்தல், பயன்படுத்தல், புணர்ச்சி, குற்றாலக் குறவஞ்சி.

முன்னுரை

நன்னூல் வினாவை அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என ஆறாகப் பகுக்கிறது. இப்பகுப்பு வினவுவோனின் அறிவையும் நோக்கத்தையும் அடிப்படையாகக் கொண்டது. இதன்படி நோக்கினால் தேர்வுத்தாளில் இடம்பெறும் வினாக்கள் அனைத்தும் அறிவினா என்னும் ஒரே வகையில் அடங்கும். விடையறிந்த ஒருவர் பிறர் அறிந்துள்ளாரா எனக் காண வினவுகிறார். 1956இல் பெஞ்சமின் புளூமும் அவருடன் பணியாற்றியோரும் வெளியிட்ட பகுப்பு இதற்கு மறுதலையானது. அது விடை கூறுவோனின் மனத்தில் நிகழ்வதை அடிப்படையாகக் கொண்டது. 1957இல் புளூம் இந்தியாவிற்கு வந்து மதிப்பீட்டுப் பயிலரங்குகளை நடத்தினார். அவருடைய பகுப்பை ஆண்டர்சன், கிராத்வோல் ஆகியோர் 2001இல் திருத்தி அமைத்தனர். அத்திருத்தத்தின்படி நினைவுகூர்தல், புரிந்துகொள்ளல், பயன்படுத்தல், பகுத்தாய்தல், மதிப்பிடுதல், படைத்தல் என நிலைகள் ஆறு. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களில் கே1 முதல் கே6 வரை குறிக்கப்படுபவை இவையே.

இவ்விரு பகுப்புகளுக்கும் உள்ள வேறுபாடு நடைமுறையில் மறக்கப்படுகிறது. விடை கூறுவோனை நோக்கி இடவேண்டிய நிலைக்குறியை வினவுவோன் தன் நிலையிலிருந்து இட்டுவிடுகிறார். தாமே வினாவை இயற்றித் தாமே தரப்படுத்தும்போது இப்பிழை மிகுகிறது. நினைவுகூர்தல் முதல் பயன்படுத்தல் வரையுள்ள முதல் மூன்று நிலைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, இப்பிழை எவ்வாறு நேர்கிறது, எவ்வாறு களையப்படலாம் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஏவல் வினை நிலையைக் காட்டுமா?

நிலைகளுக்குரிய வினைச்சொற்பட்டியல்கள் ஆசிரியர்களிடையே பரவலாக வழங்குகின்றன. குறிப்பிடுக, பட்டியலிடுக என்பன முதல் நிலைக்கும், விளக்குக, எடுத்துரைக்க என்பன இரண்டாம் நிலைக்கும், பயன்படுத்துக என்பது மூன்றாம் நிலைக்கும், ஆராய்க, திறனாய்க என்பன மேல்நிலைகளுக்கும் உரியனவாக அப்பட்டியல்கள் கூறும். இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு வினா வங்கியை நிரப்புவது எளிது. ஆயின் அவ்வாறு நிரப்பிய வங்கி எதை அளக்கிறது என்பது ஐயத்திற்குரியது.

மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சியை எடுத்துக்கொள்ளலாம். ‘குறத்தி கூறும் மலைவளத்தைத் திறனாய்க’ என்னும் வினா, பட்டியலின்படி மதிப்பிடுதல் நிலையைச் சாரும். ஆனால் மலைவளம் என்பது இந்நூலைப் பாடமாகக் கொண்ட வகுப்புகளில் தவறாமல் நடத்தப்படும் பகுதி. குரங்குகளின் வாழ்க்கை, அருவித் திரையின் எழுச்சி, கதிரவன் தேரின் சக்கரம் வழுக்குதல் ஆகிய செய்திகளும், அவற்றின் நயமும், அவற்றில் அமைந்த உயர்வு நவிற்சியும் வகுப்புக் குறிப்பிலும் துணைநூலிலும் ஒரு தலைப்பின்கீழ் ஆயத்தமாக உள்ளன. அவற்றை மனப்பாடம் செய்து எழுதும் மாணவர் எதனையும் மதிப்பிடவில்லை. முன்னர் ஒருவர் மதிப்பிட்டதை நினைவுகூர்கிறார். வினா ஆறு நிலைகளில் ஐந்தாவதாகக் குறிக்கப்பட்டாலும் அம்மாணவரைப் பொறுத்தவரை அது முதல் நிலையே.

இதே வினாவைத் துணைநூல் எதுவும் கிடைக்காத மாணவர் எதிர்கொண்டால் நிலைமை மாறுகிறது. அவர் பாடலை மட்டும் கொண்டு விடையை உருவாக்க வேண்டும். ஒரே வினா ஒருவருக்கு நினைவுகூர்தலாகவும் மற்றொருவருக்கு மதிப்பிடுதலாகவும் அமைகிறது. இருவரும் ஒரே அளவுகோலால் மதிப்பெண் பெறுகின்றனர். துணைநூல் வாங்க இயன்றவருக்கும் இயலாதவருக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அத்தேர்வு அளந்துவிடுகிறது. ஆகவே நிலைக்குறி சரியாக இடப்படுகிறதா என்பது வெறும் ஆவணச் சிக்கலன்று. தேர்வின் நேர்மையைப் பற்றியது.

விடையின் மூலத்தைக் காணும் முறை

நிலையை முடிவுசெய்வதற்கு வினாவைவிட விடையே உரிய இடம். வினாவை இயற்றியவர் முதலில் முழு மதிப்பெண் பெறத்தக்க மாதிரி விடையை எழுத வேண்டும். பின்னர் அவ்விடையின் ஒவ்வொரு கருத்தின் பக்கத்திலும் அது மாணவருக்கு எங்கிருந்து கிடைக்கும் எனக் குறிக்க வேண்டும். மூலங்கள் மூன்று: பாடநூலும் வகுப்பும் நேரடியாகத் தந்தவை; தந்தவற்றை இணைத்து மாணவர் தம் சொற்களில் உணர்ந்து கூறவேண்டியவை; கற்ற முறையைப் புதிய பொருளின்மேல் செலுத்தி மாணவர் அப்போது செய்யவேண்டியவை. மதிப்பெண்ணில் பெரும்பகுதி எம்மூலத்திற்குச் செல்கிறதோ அதுவே வினாவின் நிலை.

இம்முறையால் மலைவளம் பற்றிய வினாவை முதல் நிலைக்கு இறக்கிய பின், அதே பகுதியில் உண்மையான இரண்டாம் நிலை வினா ஒன்றை இயற்றலாம். ‘குறி கூற வந்த குறத்தி, குறி கூறுவதற்கு முன் தன் மலையின் வளத்தைக் கூறுவது ஏன்?’ என்பது அத்தகையது. வளம் யாது என்பது பாடத்தில் உண்டு. அது அவ்விடத்தில் ஏன் நிற்கிறது என்பதை மாணவர் உய்த்துணர வேண்டும். தன் மண்ணின் பெருமையைக் கூறித் தன் வாக்கிற்கு மதிப்புத் தேடுகிறாள் என ஒருவர் எழுதலாம். அம்மலை குற்றாலநாதருக்கு உரியது என்பதால், அவர்மேல் மையல் கொண்ட வசந்தவல்லிக்கு அது இனிய செய்தி என மற்றொருவர் எழுதலாம். நூலுக்குப் பொருந்தும் எவ்விடையும் ஏற்கத்தக்கது. இவ்விளக்கத்தை ஆசிரியர் வகுப்பில் முன்னரே கூறிவிட்டிருந்தால் வினா மீண்டும் முதல் நிலைக்கே இறங்கும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

இலக்கியப் பாடங்களில் மூன்றாம் நிலை அரிதாகவே அமையும். 2001ஆம் ஆண்டுத் திருத்தத்தில் பயன்படுத்தல் என்பது ஒரு செய்முறையைச் செயற்படுத்துவதைக் குறிக்கும். படிக்காத ஒரு குறவஞ்சியின் காட்சியைத் தந்து, அது குறவஞ்சி உறுப்புகளுள் எதனைச் சாரும் எனக் கேட்பது பலரால் பயன்படுத்தலாகக் கருதப்படுகிறது. ஆனால் வகைப்படுத்தலும் எடுத்துக்காட்டுத் தருதலும் அத்திருத்தத்தில் புரிந்துகொள்ளலின் கூறுகளாகவே வைக்கப்பட்டுள்ளன. எனவே அதனை இரண்டாம் நிலையில் வைப்பதே பொருந்தும். இலக்கிய அலகில் மூன்றாம் நிலையை வலிந்து நிரப்புவதைவிட, படிக்காத செய்யுளைச் சீர் பிரித்தல், அலகிடுதல், பதம் பிரித்தல் ஆகிய செய்முறைகள் இயல்பாக வரும் இடங்களில் அதனை அமைப்பது நேர்மையானது. மூன்றாம் நிலையின் இயல்பான களம் இலக்கணமே.

வடகரையும் தென்காசியும்: ஒரு விதி, மூன்று நிலைகள்

திசைப்பெயர்ப் புணர்ச்சி இதனைத் தெளிவாகக் காட்டும். திசைப்பெயரோடு பிற பெயர் புணரும்போது நிலைமொழியின் ஈற்று உயிர்மெய்யும், அதன் முன் நிற்கும் ககர ஒற்றும் நீங்குதலும், றகர ஒற்று னகரமாகவோ லகரமாகவோ திரிதலும் உண்டு என்பது நன்னூல் விதி. வடகிழக்கு, தென்மேற்கு முதலானவை வகுப்பில் தரப்படும் எடுத்துக்காட்டுகள்.

‘வடக்கு + கிழக்கு எவ்வாறு புணரும்?’ என்பது முதல் நிலை. விடை பாடத்தில் அப்படியே உள்ளது. ‘வடக்கு என்பதில் ஒற்றும் நீங்க, தெற்கு என்பதில் ஒற்று நீங்காமல் திரிவது ஏன் என விதியைக் கொண்டு விளக்குக’ என்பது இரண்டாம் நிலை. விதியின் இரு பகுதிகளும் வெவ்வேறு ஒற்றுகளுக்கு உரியவை என்பதை மாணவர் உணர்ந்திருக்க வேண்டும். ‘திசைப்பெயர்ப் புணர்ச்சி விதியைக் கொண்டு வடகரை, தென்காசி ஆகிய ஊர்ப்பெயர்களைப் பிரித்து விளக்குக’ என்பது மூன்றாம் நிலையின் தொடக்கம். வடக்கு + கரை என்பதில் குகரமும் ககர ஒற்றும் நீங்கி வடகரை ஆகிறது. தெற்கு + காசி என்பதில் குகரம் நீங்கி, றகரம் னகரமாகித் தென்காசி ஆகிறது. இவ்விரு பெயர்களும் பாடத்தில் இல்லையாயின், மாணவர் விதியைப் புதிய சொல்லின்மேல் செலுத்துகிறார்.

இவ்வினாவில் ஒரு குறை உண்டு. எந்த விதியைக் கைக்கொள்ள வேண்டும் என்பதை வினாவே கூறிவிடுகிறது. 1956ஆம் ஆண்டு நூல் இவ்விடத்தில் கறாரானது. இன்ன கோட்பாட்டைக் கொள்க எனச் சுட்டப்பட்ட பின் அதனைக் கையாளுதல் புரிந்துகொள்ளலையே காட்டும் என்றும், எதுவும் சுட்டப்படாத சூழலில் உரியதைத் தாமே தேர்ந்து கையாளுதலே பயன்படுத்தல் என்றும் அது பிரித்தது. 2001ஆம் ஆண்டுத் திருத்தம் இரண்டையும் பயன்படுத்தலுக்குள் வைத்து, பழகிய பணியைச் செய்தல், பழகாத பணியில் முறையைத் தேர்ந்து செய்தல் என உட்பிரிவாக்கியது. எவ்வாறு பெயரிட்டாலும் இவை இரண்டும் வேறு என்பது வினா வங்கியில் தெரிய வேண்டும்.

விதி சுட்டாத வினாவிற்குக் குற்றாலத்தின் அருவிப் பெயர்கள் நல்ல பொருளாகின்றன. ‘பேரருவி, சிற்றருவி, ஐந்தருவி, தேனருவி, புலியருவி ஆகியவற்றைப் பிரித்து, உரிய புணர்ச்சி விதிகளைத் தருக’ என்பது வினா. ஐந்திலும் வருமொழி ஒன்றே. எனவே மாணவர் நிலைமொழியை ஊன்றி நோக்கினால் அன்றி விடை காண இயலாது. பேரருவி என்பது பெருமை + அருவி. மை ஈறு கெட்டு, முதல் நீண்டு, உகரம் கெட்டுப் புணர்கிறது. சிற்றருவி என்பது சிறுமை + அருவி. ஈறு கெட்டபின் இங்கே முதல் நீளவில்லை, தன்னொற்று இரட்டித்து உகரம் கெடுகிறது. ஐந்தருவி என்பது ஐந்து + அருவி. குற்றியலுகரம் கெட்டு, நின்ற ஒற்றின்மேல் உயிர் ஏறுகிறது. தேனருவியில் கெடுதல் எதுவுமில்லை, னகர ஒற்றின்மேல் உயிர் ஏறுகிறது. புலியருவியில் இகரத்தின் பின் யகர உடம்படுமெய் தோன்றுகிறது. விதிகள் அனைத்தும் கற்றவையே. எது எங்கே என்பதைத் தேர்வதே மாணவர் செய்யும் பணி.

இயற்றிய வினா பிழைபடும் இடமும் இப்பெயர்களிலேயே தெரிகிறது. குறவஞ்சி ஆசிரியரின் ஊரான மேலகரத்தைத் திசைப்பெயர் வினாவில் சேர்க்கத் தோன்றும். மேற்கு + அகரம் எனக் கொண்டால் றகரம் லகரமாகத் திரிந்ததற்கு அது சான்றாகும். ஆனால் தென் என்பதைப் போலன்றி, மேல் என்பது தனித்தும் வழங்கும் சொல். மேல் + அகரம் எனப் பிரித்த மாணவருக்குத் திசைப்பெயர் விதியே வேண்டியதில்லை, அவர் விடையைத் தவறென்று தள்ளவும் இயலாது. மாதிரி விடையை எழுதும்போதே இத்தகைய இரட்டை வழி புலப்பட்டுவிடும். அப்போது அச்சொல்லை நீக்கலாம், அல்லது ‘இருவகையாகவும் பிரிக்க இயலுமா?’ என வினாவை மாற்றிப் பகுத்தாய்தல் நிலையில் வைக்கலாம்.

நிலையும் கடினமும் ஒன்றல்ல

வினா வங்கிகளில் எளிது, நடுத்தரம், கடினம் என்னும் பகுப்பையும் புளூமின் நிலைகளையும் ஒன்றாக்கிவிடும் வழக்கம் உண்டு. நினைவுகூர்தல் எளிது, பயன்படுத்தல் கடினம் எனக் கொள்வது பொருந்தாது. மேற்கண்ட ஐந்து பெயர்களுள் புலியருவி மூன்றாம் நிலையைச் சார்ந்ததாயினும் பெரும்பாலோர் எளிதில் விடையளிக்கக்கூடியது. பண்புப்பெயர்ப் புணர்ச்சி நூற்பாவைப் பிழையின்றி எழுதுக என்பது முதல் நிலையைச் சார்ந்ததாயினும் பலருக்குக் கடினமானது. நிலை என்பது மனம் செய்யும் பணியின் வகை. கடினம் என்பது எத்தனை பேரால் அதனைச் செய்ய இயன்றது என்பது.

கடினத்தை முன்கூட்டி ஊகிக்கலாமே தவிர, தேர்வின் பின்னரே அளக்க இயலும். ஒரு வினாவிற்கு மாணவர் அனைவரும் பெற்ற மதிப்பெண்களின் கூடுதலை, அவர்கள் பெற்றிருக்கக்கூடிய உச்ச மதிப்பெண்களின் கூடுதலால் வகுத்தால் அதன் எளிமை எண் கிடைக்கும். 40 மாணவர் எழுதிய 5 மதிப்பெண் வினாவில் உச்ச அளவு 200. அவர்கள் பெற்றவை 150 எனக் கொண்டால் எளிமை எண் 0.75 ஆகும். இவ்வெண்ணும் நிலைக்குறியும் வினாவின் பக்கத்தில் தனித்தனியே இருக்க வேண்டும்.

இரண்டையும் தனித்தனியே வைப்பதால் ஒரு சோதனை இயலும். மூன்றாம் நிலை வினா ஒன்று எதிர்பாராத அளவு உயர்ந்த எளிமை எண்ணைப் பெற்றால் காரணம் இரண்டில் ஒன்று. மாணவர்கள் விதியை நன்கு கையாள்கின்றனர், அல்லது விடை அவர்களுக்கு முன்னரே தெரிந்திருக்கிறது. இவற்றைப் பிரித்தறிய ஓர் இணைவினா வேண்டும். சிற்றருவிக்கு இணையாகச் சிற்றாறு, பேரருவிக்கு இணையாகப் பேராறு ஆகியவற்றை அடுத்த தேர்வில் தரலாம். விதி ஒன்றே, சொல் மட்டும் புதிது. மதிப்பெண் பெரிதும் மாறாவிட்டால் மாணவர்கள் விதியைக் கையாள்கின்றனர் எனலாம். சிற்றருவியில் உயர்ந்து சிற்றாற்றில் சரிந்தால், முன்னது நினைவிலிருந்து எழுதப்பட்டது என்பது தெளிவு. அவ்வினாவின் நிலைக்குறியை மாற்ற வேண்டும்.

நிலைக்குறி காலத்தால் தேய்தல்

தாமே இயற்றுவோர் தம் வினாவை உயர்வாக மதிப்பிடுவதற்கு ஒரு காரணம் உண்டு. ஐந்து அருவிப் பெயர்களிலும் வருமொழி ஒன்றாயிருக்க விதிகள் வேறுபடுவதைக் கண்டறிதல் பகுத்தாயும் பணி. ஆனால் அப்பணியைச் செய்தவர் வினாவை இயற்றியவர். மாணவர் அதன் பயனைப் பெறுகிறாரே அன்றி அப்பணியைச் செய்வதில்லை. தம் உழைப்பை மாணவரின் உழைப்பாக எண்ணாதிருக்க, வினாவை இயற்றிச் சில நாள் கழித்து, முன்னர் இட்ட குறியைப் பாராமல் மீண்டும் தரப்படுத்துவது பயன்தரும். அதனினும் நன்று, வினாவையும் மாதிரி விடையையும் வகுப்பில் நடத்தியவற்றின் பட்டியலையும் மட்டும் தந்து மற்றோர் ஆசிரியரைத் தரப்படுத்தச் செய்தல். பட்டியல் இன்றித் தரும்போது அவரும் ஏவல் வினையைப் பார்த்தே குறியிட நேரும்.

இவ்வளவு செய்தும் இட்ட குறி நிலைத்திருப்பதில்லை. அருவிப் பெயர் வினா ஒருமுறை தேர்வில் வந்துவிட்டால், அடுத்த ஆண்டு அது பழைய வினாத்தாள் தொகுப்பில் இருக்கும். அதற்கடுத்த ஆண்டு துணைநூலில் விடையோடு இருக்கும். வினாவில் ஓரெழுத்தும் மாறாமல் அது மூன்றாம் நிலையிலிருந்து முதல் நிலைக்கு வந்துவிடுகிறது. ஆகவே வங்கியில் ஒவ்வொரு வினாவின் பக்கத்திலும் அது முதலில் பயன்பட்ட பருவமும் ஆண்டும் குறிக்கப்பட வேண்டும். முதல் நிலை வினாக்களை ஆண்டுதோறும் மீண்டும் பயன்படுத்தலாம். மூன்றாம் நிலையில் சேமிக்கத்தக்கது வினாவின் அமைப்பே. சொற்கள் ஒவ்வொரு முறையும் புதியனவாக இடப்பட வேண்டும். ஊர்ப்பெயர், ஆற்றுப்பெயர், தெருப்பெயர் என அவற்றுக்குக் குறைவில்லை.

முடிவுரை

இலக்கியக் கல்வியை ஆறு கட்டங்களுக்குள் அடைக்க இயலாது என்னும் மறுப்பில் உண்மை உண்டு. ஒரு பாடலில் தோய்ந்து எழுதும் விடையில் நினைவும் உணர்வும் ஆய்வும் கலந்தே நிற்கும். எனினும் நிலைக்குறி கூறுவது அவ்விடையின் மதிப்பை அன்று. விடையைப் பெற மாணவர் குறைந்த அளவு என்ன செய்தாக வேண்டும் என்பதை மட்டுமே அது கூறும். மனப்பாடத்தைத் தாழ்வாகக் கருதவும் இது இடந்தரவில்லை. நூற்பா நினைவில் இல்லாத மாணவர் பேரருவியைப் பிரிக்க இயலாது. முதல் நிலை வினாக்கள் அப்பெயரோடே வங்கியில் இருக்கலாம். அவை ‘திறனாய்க’ என்னும் சொல்லைத் தாங்கி ஐந்தாம் நிலையில் நிற்பதே தவறு.

துறைகள் தம் வினா வங்கிகளை மறு ஆய்வு செய்யும்போது நிலைவாரியாக எத்தனை வினாக்கள் உள்ளன என்னும் கணக்கோடு நின்றுவிடுதல் போதாது. மூன்றாம் நிலை எனக் குறித்த ஒவ்வொரு வினாவிற்கும் மாதிரி விடை, விடையின் மூலம், முதலில் பயன்பட்ட ஆண்டு, இணைவினா ஆகிய நான்கும் உள்ளனவா எனக் கேட்க வேண்டும். இவை இல்லாத வினாவை, அவை கிடைக்கும் வரை, முதல் நிலையில் வைப்பதே முறை. அவ்வாறு வைத்தால் பல வங்கிகளில் பயன்படுத்தல் நிலை ஏறத்தாழ வெறுமையாகிவிடக்கூடும். அவ்வெறுமையைத் தெரிந்துகொள்வதே புதிய வினாக்களை எங்கே இயற்ற வேண்டும் என்பதைக் காட்டும்.